பெயர்ப்பலகை எழுத 2 வாரம் கேட்கிறார் ஆர்ட்டிஸ்ட், நியாயமா?

மண்டிவீட்டுப் பிள்ளை (குன்னூர்), செப்டம்பர் 14, 2024

எங்கள் கடை குன்னூர் பஜாரில் இருக்கிறது. தாத்தா வைத்த பலகையில் 'தேயிலை விற்பனை நிலையம்' என்று இருக்கும். 8 அடிக்கு 3 அடி, மரச்சட்டத்தில் அடித்த தகரம். எழுத்து மங்கிவிட்டது, கீழ் ஓரம் துருப்பிடித்திருக்கிறது. ஃப்ளெக்ஸ் கடையில் கேட்டால் மாலையே தருகிறேன் என்கிறார்கள். ஊரில் இன்னும் கையால் எழுதுகிற ஒரே ஒரு ஆர்ட்டிஸ்ட் இருக்கிறார். அவர் 2 வாரம் கேட்கிறார், அதுவும் 'மழை வராமல் இருந்தால்' என்று சேர்த்துச் சொல்கிறார். 11 எழுத்து எழுத 2 வாரமா? கூலியை ஏற்றப் பார்க்கிறாரோ என்று அப்பா சந்தேகப்படுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடலூரான், செப்டம்பர் 14

மட்டமான பெயிண்ட் வாங்கினால் அப்படித்தான் இழுக்கும். நல்ல எனாமல் வாங்கி அதில் டிரையர் ஊற்றச் சொல்லுங்கள், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். 2 வாரம் எல்லாம் கதை.

பழைய பிரஷ், செப்டம்பர் 15

கதை இல்லை. நான் 1979 முதல் 11 வருடம் குன்னூரில் ஒரு பேனர் கொட்டகையில் வேலை பார்த்தவன். தியேட்டர் தட்டியும் கடை போர்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கும். அந்த 2 வாரத்தில் ஆர்ட்டிஸ்ட் பிரஷ் பிடிப்பது மொத்தம் ஒன்றரை நாள் இருக்கும். மீதி நாள் முழுக்கப் பலகை காய்வதற்கு.

எனாமலில் இரண்டு விஷயம் நடக்கிறது. டர்பன்டைன் ஆவியாகிப் போவது முதலாவது. அது சீக்கிரம் முடிந்துவிடும், தொட்டால் கையில் ஒட்டாது. பிறகு பெயிண்டில் இருக்கிற எண்ணெய் காற்றை இழுத்துக் கெட்டியாக வேண்டும். இதற்குத்தான் நாளாகும், குளிர் கூடினால் இன்னும் நாளாகும். கீழே மேட்டுப்பாளையத்தில் ராத்திரி பூசினால் காலையில் அடுத்த பூச்சுக்குத் தயார். இங்கே மஞ்சு இறங்கும் நாட்களில் ஒரு பூச்சுக்கு 3 நாள்கூட விட்டிருக்கிறோம். முதலில் துருவுக்கு ரெட் ஆக்சைடு ஒரு கை, அடிப்பூச்சு இரண்டு கை, எழுத்து ஒரு கை, எழுத்துக்கு நிழல் ஒரு கை. 5 தடவை காய வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கூடலூரானுக்கு: டிரையர் ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பது சரிதான். ஆனால் அது மேல்தோலைத்தான் முதலில் காய வைக்கும். உள்ளே ஈரமாக இருக்க மேலே தோல் இறுகினால் பாலாடை மாதிரி சுருங்கிவிடும். சின்ன மூடி அளவு ஊற்றலாம். அதற்கு மேல் ஊற்றினால் பலகை போச்சு.

பழைய பிரஷ், செப்டம்பர் 15, இரவு

காய்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் அப்பாவே பார்த்துக்கொள்ளட்டும். தொட்டுப் பார்த்தால் தெரியாது. பலகையின் ஓரத்தில் கட்டைவிரலை அழுத்தி, அழுத்தியபடியே கொஞ்சம் திருக வேண்டும். ரேகை பதிந்தாலோ பூச்சு விரலோடு நகர்ந்தாலோ உள்ளே இன்னும் பச்சை. என் குரு காலையில் வந்ததும் முதல் வேலையாகக் கொட்டகையில் இருக்கும் எல்லாப் பலகையிலும் திருகிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் டீ.

கொடை லாட்ஜ், செப்டம்பர் 17

எனக்கும் இதே பிரச்சினைதான். ஏரிச் சாலைப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிறேன். புதிதாகச் சுண்ணாம்புப் பூச்சு போட்ட சுவரில் பெயரை எனாமலில் பெரிதாக எழுத வைத்தேன். 4 மாதத்தில் தோல் தோலாக உரிகிறது. காயவில்லை என்றா சொல்கிறீர்கள்? நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. எழுதியவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பழைய பிரஷ், செப்டம்பர் 17

உங்களுடையது வேறு கேள்வி. புதுச் சுண்ணாம்பில் காரம் இருக்கும். எண்ணெய் பெயிண்டை அதன் மேல் போட்டால் ஒட்டுகிற இடத்தில் எண்ணெய் சோப்பாக மாறிவிடும். மலையில் சுவர் எப்போதும் ஈரம் என்பதால் அந்தச் சோப்பு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உரிந்த துண்டின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கொஞ்சம் பிசுபிசுப்பாகவோ வெள்ளைத் தூளாகவோ இருக்கும். எழுதியவர் தெரியாமல் செய்திருக்கலாம். பணம் கேட்பது உங்கள் இருவர் விஷயம். சுவரைச் சுரண்டி ஒரு வருடம் ஆறவிட்டு, சுவருக்கான காரம் தாங்கும் பிரைமர் பூசிய பிறகு எழுத வையுங்கள்.

பழைய பிரஷ், செப்டம்பர் 18

நேற்று கொடைக்காரருக்குப் பதில் எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. முதல் நாள் நான் சொன்னதில் ஒரு தப்பு இருக்கிறது. மண்டித் தம்பி கவனியுங்கள்.

ரெட் ஆக்சைடு பூசச் சொன்னேன் இல்லையா, அது இரும்புத் தகட்டுக்கு. இப்போது கடையில் வாங்கினால் கிடைப்பது நாகம் பூசிய ஜி.ஐ. தகடு. புதிதாகப் பளபளவென்று இருக்கும்போது அதன் மேல் எண்ணெய் பெயிண்டைப் பூசினால், லாட்ஜ் சுவரில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். நாகமும் எண்ணெயும் சேர்ந்து சோப்பாகும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துப் பலகையின் ஒரு மூலையில் நகத்தை விட்டால் வாழைப்பட்டை மாதிரி முழுசாக உரிந்து வரும், அடியில் தகடு அப்படியே மினுங்கும். 1983 வாக்கில் ஒரு மருந்துக்கடைப் பலகை எங்களுக்கே அப்படிப் போனது. குரு அந்தக் கடைக்காரரிடம் பணமே வாங்காமல் திரும்ப எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து புதுத் தகடு வந்தால் கொட்டகைக் கூரை மேல் போட்டுவிடுவோம். ஒரு மழைக்காலம் நனைந்து மங்கிச் சாம்பல் பூத்த பிறகுதான் கீழே இறக்குவோம். அவசரம் என்றால் வினிகர் தேய்த்து அரை மணி நேரம் விட்டுக் கழுவுவோம். இப்போது இதற்கென்றே பிரைமர் விற்கிறார்கள்.

உங்கள் ஆர்ட்டிஸ்ட் புதுத் தகடு போடச் சொன்னாரா, பழையதிலேயே எழுதுகிறாரா? பழைய பலகையில் பெயிண்ட் எப்படிப் போயிருக்கிறது? விரலால் தேய்த்தால் பவுடராக வருகிறதா, செதிலாக உரிகிறதா?

மண்டிவீட்டுப் பிள்ளை, செப்டம்பர் 19

நல்லவேளை சொன்னீர்கள், அண்ணா. நேற்றுதான் புதுத் தகடும் ரெட் ஆக்சைடு டப்பாவும் வாங்கி வைத்தேன். டப்பாவைத் திறக்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

பழைய பலகையில் பவுடராகத்தான் வருகிறது. எங்கும் உரியவில்லை. இன்னொன்று, 'தேயிலை'யில் வரும் லை பழைய மாதிரி, தும்பிக்கை வைத்தது. என் பையனுக்கு அதைப் படிக்கவே தெரியவில்லை.

எழுத்தணி (ஊட்டி), செப்டம்பர் 19

தயவுசெய்து அந்தப் பலகையை அழித்துவிடாதீர்கள்! நான் எழுத்துரு வடிவமைக்கிறேன். கையால் எழுதிய பழைய லை, னை எங்கே கிடைக்கும் என்று நீலகிரி முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். போட்டோ எடுக்க வரலாமா?

கூடலூரான், செப்டம்பர் 20

1978ல் எழுத்துச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் கடைப் பலகையில் பழைய எழுத்து வைத்திருந்தால் அபராதம். சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.

பழைய பிரஷ், செப்டம்பர் 20

1978 சரி, அபராதம் தப்பு. அது அரசாணை. அரசு அலுவலகம், பாடப்புத்தகம் இவற்றுக்காக வந்தது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா இதெல்லாம் அதில்தான் மாறியது. கடைப் பலகைக்கு இருப்பது வேறு விதி. தமிழ் 5 பங்கு, ஆங்கிலம் 3, வேறு மொழி இருந்தால் 2 என்று இடம் ஒதுக்க வேண்டும். லேபர் ஆபீசர் வந்து பார்ப்பது அதைத்தான், தும்பிக்கையை இல்லை. உங்கள் பலகையில் ஆங்கிலம் கீழே சின்னதாக இருந்தால் கவலை வேண்டாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்தான் அந்த மாற்றம் கடைத்தெருவுக்கு வந்துகொண்டிருந்தது. அதனால் இரண்டையும் எழுதப் பழகினேன். வாத்தியார் வீட்டுக் கல்யாண வளைவு என்றால் புதிய லை. மளிகைக்கடைக்காரர் என்றால் பழைய லைதான், மாற்றினால் 'என் கடை பேரையே மாத்திட்டியே' என்று சண்டைக்கு வருவார்.

பழைய பிரஷ், செப்டம்பர் 21

எழுத்தை மாற்றுவதாக இருந்தால் இன்னொரு விஷயம் யோசிக்க வேண்டும். பார்க்கச் சின்னதாக இருக்கும், ஆனால் பலகையே மாறிவிடும்.

'தேயிலை விற்பனை நிலையம்' என்பதில் மூன்று இடத்தில் தும்பிக்கை வருகிறது: லை, னை, மறுபடி லை. பழைய வடிவத்தில் தும்பிக்கை எழுத்தின் தலை மேல் ஏறி உட்காரும், பக்கவாட்டில் இடம் கேட்காது. புதிய வடிவத்தில் முன்னால் ஒரு கொம்பு தனியாக நிற்கும், அது ஒரு எழுத்தளவு இடத்தைத் தின்னும். நாங்கள் எழுத்தை எண்ண மாட்டோம், உருவத்தைத்தான் எண்ணுவோம். தே என்றால் கொம்பு ஒன்று, த ஒன்று. அப்படி எண்ணினால் பழைய முறையில் 12 உருவம். புதிய முறையில் 15. இரண்டு வார்த்தை இடைவெளியையும் ஒவ்வோர் உருவமாகக் கணக்கு வைத்தால் 14, 17.

8 அடி என்பது 96 அங்குலம். இரண்டு பக்கமும் 3 அங்குலம் விட்டால் 90. பழைய முறையில் ஓர் உருவத்துக்கு 6 அங்குலத்துக்கு மேலேயே கிடைக்கும். புதிய முறையில் 5 சொச்சம்தான். ஒரு அங்குலம் போய்விட்டது. தாத்தா காலத்து எழுத்து தெருமுனையிலிருந்தே தெரிந்ததற்கு இது ஒரு காரணம். புதிய லை போட்டு அதே உயரத்தில் எழுதினால் எல்லாம் ஒல்லியாக, நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். உயரத்தையும் குறைத்தால் பலகையில் மேலும் கீழும் வெறும் இடம் விழும். எது தேவலை என்று உங்கள் ஆர்ட்டிஸ்ட்தான் முடிவு பண்ண வேண்டும்.

இதெல்லாம் சராசரிக் கணக்கு. ற அகலம், ப கொஞ்சம் ஒல்லி. சமமாகப் பங்கு போட்டால் கண்ணுக்குச் சமமாகத் தெரியாது. முதலில் சாக்பீஸில் லேசாக முழுதும் எழுதி, எதிர்க்கடை வாசலுக்குப் போய் நின்று பார்த்து, வந்து அழித்து மறுபடி எழுதுவோம். நேர்க்கோட்டுக்கு நூலில் நீலம் தேய்த்து இரண்டு பக்கமும் பிடித்துச் சுண்டினால் கோடு விழும்.

எழுத்தணி, செப்டம்பர் 22

உருவத்தை எண்ணுவது! 6 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. அண்ணா, நீங்கள் எப்படிக் கற்றீர்கள்? சினிமா தட்டிக்கும் இதே எழுத்துதானா?

பழைய பிரஷ், செப்டம்பர் 24

கேட்டுவிட்டீர்கள், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

எனக்கு 14 வயசு. எங்கள் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தியேட்டர் வாசலில் தட்டியைப் பார்த்தபடி நின்றுவிடுவேன். அப்படி நின்றவனைக் குரு 'உள்ளே வா, இதைப் பிடி' என்று கூப்பிட்டார். அவ்வளவுதான் சேர்க்கை.

முதல் வருடம் பிரஷ் கழுவுவதும் வஜ்ரம் காய்ச்சுவதும்தான். வஜ்ரம் என்பது மாட்டுத்தோல், எலும்பிலிருந்து வரும் பசை. முந்தின நாள் ஊறவைத்து, அடுத்த நாள் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் காய்ச்ச வேண்டும். நேரடியாக அடுப்பில் வைத்தால் கருகிப் பிடிப்பு போய்விடும். அதில் சாக்பீஸ் பவுடர் கலந்து காடாத்துணியில் பூசினால்தான் துணியின் கண் அடையும். இல்லையென்றால் பெயிண்டைத் துணியே குடித்துவிடும்.

இரண்டாம் வருடம் பழைய செய்தித்தாள் கொடுத்தார். அதைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் பத்திக் கோடுகள் வரி வரியாகக் கிடக்கும். அதற்குள் தட்டை பிரஷால் வெறும் நிற்கும் கோடு, படுக்கும் கோடு, அரைவட்டம். நான்கு மாதம் எழுத்தே கிடையாது. அப்புறம் 'நாளை முதல்', 'தினசரி 3 காட்சிகள்'. தியேட்டர் தட்டியில் அது மட்டும் வாராவாரம் மாறாது, அதனால் தப்பு செய்தாலும் சரி பண்ண நேரம் இருக்கும். படத்தின் பெயரை எழுத மூன்றாம் வருடம்தான் விட்டார்.

முகம் ஆறாம் வருடம். அதற்கு முன்னால் புடவை, கை, காது, பின்னால் நிற்கும் அடியாட்கள். கதாநாயகன் முகத்தைக் குரு மட்டும்தான் தொடுவார்.

பழைய பிரஷ், செப்டம்பர் 25

நேற்று விட்டது. முகம் போடும் முறை.

கோவையிலிருந்து படப்பெட்டி வருவதற்கு முன்பே போட்டோ வந்துவிடும். போட்டோ மேல் பென்சிலால் அரை அங்குலக் கட்டம். துணியில் நூல் சுண்டி அரை அடிக் கட்டம். ஆக 12 மடங்கு. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறதோ அதைக் கரித்துண்டால் பெரிதாக்க வேண்டும். கண், மூக்கு, உதடு வரும் கட்டத்தை மட்டும் மறுபடி நான்காகப் பிரிப்போம். ஒரு விரற்கடை பிசகினால் ஆள் மாறிவிடுவார், தியேட்டர் வாசலில் 'இது யாருப்பா' என்று கேட்பார்கள்.

நிறத்தில் தோல் நிறம் என்று ஒன்று கிடையாது. வெளிச்சம் படும் கன்னத்தில் மஞ்சளும் ரோஸும், நிழல் பக்கம் ஊதா, சில சமயம் பச்சை. பக்கத்தில் நின்று பார்த்தால் திட்டுத் திட்டாகப் பயமாக இருக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் ஒன்றாகச் சேர்ந்து முகமாகிவிடும். நம் ஊரில் இன்னொரு சிக்கல். வானமே பாதி நாள் சாம்பல் நிறம், மஞ்சுக்குள் ஊதா நிழல் கரைந்து போகும். அதனால் குரு தலையைச் சுற்றி எலுமிச்சை மஞ்சளில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு பட்டை போடுவார். மஞ்சுக்குள்ளும் தலை தனியாகத் தெரியும். கோவையிலிருந்து வந்த ஒரு ஆர்ட்டிஸ்ட் அதைப் பார்த்து 'எல்லாரும் சாமி மாதிரி இருக்காங்களே' என்றார். ஒரு வாரம் இங்கே தங்கியிருந்தார். போகும்போது அவரும் போட்டார்.

கூடலூரான், செப்டம்பர் 25

எங்கள் ஊர் தியேட்டரில் நடிகர் முகத்தில் கறுப்புப் புள்ளியாக இருக்கும். அம்மை போட்டிருக்கிறது என்று சின்ன வயதில் நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அது என்ன?

பழைய பிரஷ், செப்டம்பர் 26

பூஞ்சை. கூடலூரில் தென்மேற்கு மழை பிடித்தால் விடாது. வஜ்ரமும் லின்சீட் எண்ணெயும் பூஞ்சைக்குச் சாப்பாடு. வஜ்ரம் ஈரத்தை இழுத்துத் துணி தொய்யும், பின்பக்கத்திலிருந்து புள்ளி கிளம்பி முன்னால் வரும். துடைத்தால் போகாது. நாங்கள் வஜ்ரம் காய்ச்சும்போதே மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவோம். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பசையில் போடுவார்களே, அதே துத்தம். விஷம், கை கழுவாமல் சோறு தொடக்கூடாது என்று குரு அடிக்க வருவார்.

கொடை லாட்ஜ், செப்டம்பர் 28

நீங்கள் இவ்வளவு சொல்கிறீர்கள், ஆனால் என் லாட்ஜுக்கு ஃப்ளெக்ஸ் போட்டுவிட்டேன். எனக்கு நேரமில்லை, சீசன் வருகிறது. ஃப்ளெக்ஸ் வந்துதான் உங்கள் தொழில் போனது, அதை யாரால் நிறுத்த முடியும்?

பழைய பிரஷ், செப்டம்பர் 29

உங்கள்மேல் வருத்தமில்லை. ஆனால் ஃப்ளெக்ஸ் வந்துதான் போனது என்பதை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

நான் கொட்டகையை விட்டது 1990ல். அப்போது இங்கே ஃப்ளெக்ஸ் என்ற பேச்சே இல்லை. குரு அதற்கப்புறமும் நடத்தினார், ஆனால் வேலை மெலிந்துகொண்டே வந்தது. வீட்டுக்கு வீடு டிவி வந்து வார நாள் காட்சிக்கு ஆள் குறைந்தது ஒன்று. அதைவிடப் பெரியது, எங்களுக்கு இருந்த நேரம் போனது. முன்பு ஒரு படம் கோவையில் ஓடி முடித்து மலைக்கு ஏற வாரங்கள் ஆகும். என்ன படம், எப்போது வரும் என்று முன்பே தெரியும். துணியை நீட்டி, வஜ்ரம் பூசி, காயவைத்து, முகம் போட்டு, மறுபடி காயவைக்க அந்த நாட்கள் போதும். அப்புறம் எல்லா ஊரிலும் ஒரே வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்று ஆனது. எந்தப் படம் என்று தியேட்டருக்கே செவ்வாய்க்கிழமைதான் தெரியும். மூன்று நாளில் கீழே காயவைக்கலாம், இங்கே ஜூலையில் முடியாது. கரி அடுப்பு வைத்துக் காயவைத்துப் பார்த்தோம். டர்பன்டைன் டப்பா பக்கத்தில் அடுப்பு, ஒருநாள் துணியின் ஓரம் பற்றிக்கொண்டது, அதோடு நிறுத்தினோம். எண்ணெயைக் குறைத்துப் பெட்ரோல் ஊற்றிப் பூசினோம். சீக்கிரம் காய்ந்தது, ஆனால் பளபளப்பே இல்லை, ஒரே மாதத்தில் பவுடராக உதிர்ந்தது. ஃப்ளெக்ஸ் வந்தபோது தியேட்டர்காரர்கள் ஏற்கெனவே அச்சடித்த போஸ்டரைத் தட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கடைப் பலகைக்கும் ஃப்ளெக்ஸுக்கு முன்பே மெஷினில் வெட்டி ஒட்டும் ஸ்டிக்கர் எழுத்து வந்துவிட்டது.

எழுத்தணி, அக்டோபர் 1

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு, அண்ணா. நேரம் மட்டும் காரணமென்றால் கடைப் பலகை பிழைத்திருக்க வேண்டுமே? கடைக்கு வெள்ளிக்கிழமை கெடு இல்லை. 10 வருடத்துக்கு ஒரு தடவைதான் எழுதுகிறார்கள்.

பழைய பிரஷ், அக்டோபர் 3

இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கொட்டகை நின்றதே தியேட்டர் வேலையில்தான். வாராவாரம் வரும் அந்தப் பணத்தில்தான் நாலு பையன்களுக்குச் சோறு போட்டு வைத்துக் கற்றுக்கொடுக்க முடிந்தது. கடைப் பலகை எப்போதாவது வரும், அதற்கென்று ஒரு பையனை வைக்க முடியாது. தியேட்டர் வேலை போனதும் புதுப் பையன்கள் வருவது நின்றது. இருந்தவர்கள் பலகை எழுதிக்கொண்டே வயசாகிவிட்டார்கள். குன்னூரில் ஒரே ஒருவர் மிஞ்சியது அப்படித்தான். இதுதான் முழுக் காரணமா என்றால், தெரிந்தவர்கள் இன்னும் சொல்லட்டும்.

மண்டிவீட்டுப் பிள்ளை, அக்டோபர் 21

ஆர்ட்டிஸ்ட் வேலையைத் தொடங்கிவிட்டார். புதுத் தகட்டுக்கு அவரே வினிகர் தேய்த்தார், நான் கேட்கவே இல்லை. அடிப்பூச்சு கரும்பச்சை, இரண்டாவது கை நேற்று சாயங்காலம் 4 மணிக்கு முடித்தார். காலையில் பார்த்தால் பலகை முழுக்கச் சாம்பல் தட்டியது போல மங்கி இருக்கிறது. பெயிண்ட் கெட்டுப்போனதா? அப்பா கத்துகிறார்.

பழைய பிரஷ், அக்டோபர் 21

பெயிண்ட் நல்ல பெயிண்ட்தான். ஈரப் பூச்சு மேல் மஞ்சு உட்கார்ந்துவிட்டது. நாங்கள் 'பூத்துப் போச்சு' என்போம். மலையில் மதியம் 2 மணிக்கு மேல் பளபளப்புப் பூச்சு பூசக்கூடாது, அதிலும் வடகிழக்கு மழை தொடங்கும் ஐப்பசியில். அவர் உங்கள் அவசரத்துக்காகப் பூசியிருப்பார். எதையும் சுரண்ட வேண்டாம். கட்டைவிரல் பதியாத அளவுக்கு இறுகட்டும், பிறகு நைஸ் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, இன்னொரு கை பூசினால் பளபளப்பு திரும்பிவிடும். ஆனால் இப்போது வேண்டாம். தையில் காலை வெயில் அடிக்கும்போது பூசச் சொல்லுங்கள்.

கூடலூரான், அக்டோபர் 22

2 வாரம் என்று ஆரம்பித்தது தைப் பொங்கலுக்குப் போய்விட்டதே!

மண்டிவீட்டுப் பிள்ளை, ஜனவரி 23, 2025

ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். பொங்கல் முடிந்ததும் ஆர்ட்டிஸ்ட் வந்தார். காலை 10 மணியிலிருந்து 1 மணி வரைதான் பூசினார். சாம்பல் போய்விட்டது, முகம் பார்க்கலாம் போல இருக்கிறது.

எழுத்தைப் பற்றி வீட்டில் மூன்று நாள் பேச்சு. பையன் படிக்க வேண்டும் என்று நான் புதிய லை கேட்டேன். அப்பா பழையதே வேண்டும் என்றார். பழைய பலகை எப்படியும் இருக்கிறது என்று ஆர்ட்டிஸ்ட்தான் வழி சொன்னார். அதைத் துருவை மட்டும் தேய்த்து அப்படியே கடைக்குள் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டோம். வெளியே புதுப் பலகையில் புதிய லை. எழுத்தணி வந்து ஒரு நாள் முழுக்கப் பழைய பலகையை டிரேசிங் தாளில் எடுத்துக்கொண்டு போனார்.

பழைய பிரஷ், பிப்ரவரி 2

நேற்று போய்ப் பார்த்தேன். 90 அங்குலத்தில் 15 உருவத்தையும் எப்படி அடைத்தார் என்று பார்க்கத்தான் போனேன். கொம்பை எல்லாம் மற்ற எழுத்தைவிட ஒல்லியாக்கி, அடுத்த எழுத்தோடு கொஞ்சம் ஒட்டினாற்போல வைத்திருக்கிறார். வார்த்தை இடைவெளியையும் முக்கால் உருவமாகக் குறைத்திருக்கிறார். கடைசி ம் மட்டும் சற்று நெருக்கம், எதிர்க்கடையிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. நான் எழுதியிருந்தால் உயரத்தைக் குறைத்திருப்பேன். அவர் செய்தது நன்றாக இருக்கிறது.

ஓரத்தில் கட்டைவிரலை வைத்துத் திருகினேன். ரொம்ப லேசாக ரேகை பதிந்தது.

மண்டிவீட்டுப் பிள்ளை, பிப்ரவரி 2

அண்ணா, ஒன்று கேட்க மறந்தேன். வலது கீழ் மூலையில் ஆர்ட்டிஸ்ட் தன் பெயரைப் போடவில்லை. பழைய பலகையில் இருக்கிறது. கோபமா?

பழைய பிரஷ், பிப்ரவரி 3

கோபம் இல்லை. பலகை முழுசாக இறுகிய பிறகுதான் பெயர் போடுவார்கள். என் குருவும் அப்படித்தான். காத்திருங்கள்.

மண்டிவீட்டுப் பிள்ளை, பிப்ரவரி 11

இன்று காலை 11 மணிக்கு வந்தார். மூலையில் கட்டைவிரலை அழுத்தித் திருகினார், வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார், சின்ன பிரஷை எடுத்தார். அப்பா அவருக்கு டீ சொல்லியிருக்கிறார்.